அம்மாட பட்டுச்சேலை: கறுத்த சரிகையும் மடிப்பில விழுந்த மஞ்சள் கோடும்

உவர்மலை வாணி

எல்லாருக்கும் வணக்கம். ஆவணியில தம்பிக்குக் கலியாணம். அம்மா 1996 இல தன்ர கலியாணத்துக்கு அடுத்த நாள் கட்டின பட்டை நான் கட்டலாமெண்டு ஆசை. சந்தன நிற உடல், அரக்குக் கரை, தலைப்பு முழுக்கச் சரிகை. ஆரோ சென்னையில இருந்து கொண்டுவந்து குடுத்ததாம். அதுக்குப் பிறகு வெளியில எடுத்ததே குறைவு.

அலுமாரியில பிறவுண் பேப்பரில சுத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் பையும் போட்டு வைச்சிருந்தவ. இப்ப திறந்து பாத்தா ரெண்டு பிரச்சினை. தலைப்புச் சரிகை இடையிடையே கறுத்துக் கிடக்கு, மிச்சமும் மங்கல். மற்றது, மடிப்பு ஓடின இடமெல்லாம் கோடு. வெளி மடிப்பில நல்ல மண்ணிறம், உள்ளுக்குப் போகப்போக மெல்லிய மஞ்சள். படம் போட்டிருக்கிறன் பாருங்கோ.

பழப்புளி போட்டுத் தேய் எண்டு மாமி சொல்லுறா. அலுமினியத் தாள் போட்டு அப்பச்சோடாத் தண்ணியில ஊறவை எண்டு சித்தி சொல்லுறா. ரெண்டும் எனக்குப் பயமா இருக்கு. ஆரும் செய்து பாத்திருக்கிறீங்களோ?

கடலோரம்

தங்கச்சி, பழப்புளி வேண்டாம், சேலையில புளி நிறம் பிடிக்கும். வினாகிரிதான் சரி. ஒரு வாளி தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி விட்டு அலசினா பட்டு மினுங்கும். இது அனுபவம். சரிகைக்கும் அதே தண்ணி காணும். எங்கட வீட்டுப் பித்தளை விளக்கெல்லாம் தேசிக்காய்ப்புளியிலதான் பளிச்செண்டு வாறது.

பத்தர்வீட்டுப் பிள்ளை

பித்தளை வேற, சரிகை வேற அண்ணை. பித்தளையில செம்பும் நாகமும். அதில பிடிக்கிற களிம்பைப் புளி கரைக்கும். நல்ல பட்டுச் சரிகையில இருக்கிறது வெள்ளி. வெள்ளி கறுக்கிறது கந்தகத்தால, அது வெள்ளி சல்பைட்டு. தேசிக்காயை எவ்வளவு தேய்ச்சாலும் அது கரையாது.

எங்கட பக்கம் இது கூட. உப்பாற்றுப் பக்கம் வத்துக்காலத்தில ஒரு சேற்று மணம் வருமே, அதில இருக்கிறதே கந்தக வாயுதான். அங்கத்தை வீடுகளில வெள்ளிச் செம்பு, வெள்ளிக் கொலுசு எல்லாம் கெதியாக் கறுக்கும். திருத்தக் கொண்டுவாற ஆக்களைக் கேட்டாலே விளங்கும்.

வாணி, கடையில வெள்ளிக்கெண்டு ஒரு திரவம் விக்கினம், முக்கி எடுக்கிறது. கொலுசைப் போட்டா ஒரு நிமிசத்தில வெள்ளையாகும். பஞ்சில தொட்டுச் சரிகையில மட்டும் தடவிப் பாக்கலாம் எண்டு நினைக்கிறன்.

நிலாவெளி மணி

வாணி, தயவுசெய்து ஒண்டும் தடவாதேங்கோ, கொஞ்சம் பொறுங்கோ.

நாங்கள் 1990 இல இடம்பெயர்ந்து மண்டபம் போய், பிறகு காஞ்சிபுரத்தில கன காலம் இருந்தனாங்கள். தறியில இருந்து இறங்கின சேலையில நூல் வெட்டி, பிசிறு எடுத்து, மடிச்சுக் குடுக்கிற வேலைதான் எனக்கு. பழைய சேலையும் திருத்த வரும். அதால சொல்லுறன்.

பத்தர்வீட்டுத் தம்பி வெள்ளியைப் பற்றிச் சொன்னது சரி. ஆனா சரிகை எண்டது கம்பி இல்லை. நடுவில ஒரு பட்டு நூல், நல்ல காஞ்சிபுரத்தில அது சிவப்பாயிருக்கும். அதைச் சுத்தி மயிரிலும் மெல்லிசாத் தட்டையாக்கின வெள்ளி, அதுக்கு மேல தங்க முலாம். நிறையில பாதிக்கு மேல வெள்ளி, தங்கம் நூற்றுக்கு ஒண்டுகூட வராது. கொலுசை முக்கினா பிறகு தண்ணியில நல்லாக் கழுவலாம். சரிகையில விட்ட திரவம் சுத்துக்குள்ளால இறங்கி நடுநூலில நிண்டுடும், கழுவி எடுக்கேலாது. அது அசிட் கலந்த சாமான். அரக்குச் சாயத்தைக் கிளப்பும், நடுநூலையும் உக்க வைக்கும். தடவின அண்டைக்கு மினுங்கும், பிறகு அந்த இடமே மற்ற இடத்தை விடக் கெட்டுப்போகும்.

சித்தி சொன்ன அப்பச்சோடா, அலுமினியத் தாள் வேலையும் வெள்ளிச் சாமானுக்குத்தான். அதுக்குச் சுடுதண்ணி வேணும், உப்பு வேணும், சோடாக்காரமும் வேணும். மூண்டும் பட்டுக்கு ஆகாது. பல்பசை, வெள்ளி மினுக்குற பசை எல்லாம் உரசி எடுக்கிற வேலை. அவ்வளவு மெல்லிசான முலாமில உரசினா முதல் போறது தங்கம்தான்.

முதல் இதைச் செய்யுங்கோ. தலைப்பின்ர பின்பக்கம், இல்லாட்டி உள்முனையில வெட்டின ஓரத்தில, தொங்குற சரிகை நூல் ஒண்டு கட்டாயம் இருக்கும். ஒரு அங்குல நீளம் வெட்டி எடுங்கோ. நகத்தால சுத்தைப் பிரிச்சு நடுநூல் என்ன நிறமெண்டு பாருங்கோ. பிறகு சாவணத்தில பிடிச்சு, சேலையில இருந்து தள்ளி நிண்டு கொளுத்துங்கோ. மயிர் பொசுங்கின மணம் வந்து, வெளிறின கம்பிச் சுருள் மிஞ்சினா வெள்ளிச் சரிகை. கம்பி சிவந்து செம்பு தெரிஞ்சா செப்புச் சரிகை. உருகிக் குண்டாகினா பிளாஸ்டிக் சரிகை, அதில கறுப்பு எடுக்கிற கதையே இல்லை. மேற்பூச்சுக் கழண்டா கழண்டதுதான்.

அடுத்தது, கழுவின வெள்ளைப் பருத்தித் துண்டு. பழைய வேட்டி நல்லம். தலைப்புக்குக் கீழ தடிச்ச துவாய் ஒண்டை விரிச்சு, காய்ஞ்ச துண்டால சரிகை ஓடுற பக்கமா மட்டும் மெதுவா ஒத்தி இழுங்கோ. குறுக்க தேய்க்கக் கூடாது, சுத்துப் பிரிஞ்சு கம்பி எழும்பும். துண்டு சாம்பலாகி, சரிகை கொஞ்சம் வெளிச்சா அந்த மங்கல் தூசியும் எண்ணெயும். துண்டில ஒண்டும் வராமல் கறுப்பு அப்படியே நிண்டா அது வெள்ளி கறுத்தது. இது ரெண்டையும் பாத்துச் சொல்லுங்கோ. மடிப்புக் கோட்டைப் பிறகு பாப்பம்.

கிண்ணியா வியாபாரி

பழைய சரிகைச் சேலை எடுக்க ஆக்கள் வருகினமே, அவை என்ன விலை குடுக்கினம்? எங்கட வீட்டில உம்மாட நாலு கிடக்கு.

நிலாவெளி மணி

தம்பி, இது விக்கிற கதை இல்லை. அவை எரிச்சு வெள்ளியை எடுக்கத்தான் வாங்குறவை. வெள்ளிச் சரிகையோ எண்டு நான் மேல சொன்ன மாதிரிப் பாத்திட்டு விலை பேசுங்கோ. செம்பெண்டா அவைக்கு அது தேவையில்லை.

திருமலை வாசகி

ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் ஒரு யோசனை. எங்கள் காலத்தில் பட்டுக்குச் சவர்க்காரமே தொடமாட்டோம். பூந்திக்கொட்டைதான். ஊறவைத்துப் பிசைந்த நுரையில் அலசினால் சாயமும் போகாது, சரிகையும் பளபளக்கும். நகைக்கும் அதைத்தானே பாவிக்கிறார்கள்?

பத்தர்வீட்டுப் பிள்ளை

ஓம் ரீச்சர், நகைக்குப் பாவிக்கிறம். அழுக்கு எண்ணெய் போகும். ஆனா கறுப்பு அதில போகாது.

நிலாவெளி மணி

கறுப்பு, பச்சை, அரக்குச் சேலைக்குப் பூந்திக்கொட்டை நல்லம் ரீச்சர். இது சந்தன நிறம். பூந்திக்கொட்டைத் தண்ணிக்கே ஒரு தேயிலை நிறம் இருக்கு, மஞ்சள் எடுக்கப்போய் இன்னும் மஞ்சளாக்கும்.

உவர்மலை வாணி

பாத்தன் மணி அக்கா. நடுநூல் சிவப்பு. கொளுத்த மயிர் மணம், வெளிறின சுருள். அப்ப வெள்ளிதானே?

துண்டால ஒத்தினதில நல்ல சாம்பல் நிறம் வந்தது. தலைப்பின்ர நடுப்பகுதி உண்மையா வெளிச்சிட்டுது, நான் எதிர்பார்க்கேல்ல. ஆனா ஒரு ஓரமும், மடிப்பில இருந்த மாங்காய்ப் பூ ரெண்டும் அப்படியே கறுப்பு. அதில ஒண்டும் வரேல்ல.

நிலாவெளி மணி

வெள்ளிதான். நடுப்பகுதியில இருந்தது கை எண்ணெயும் தூசியும். அதில இன்னும் மிச்சம் இருந்தா ட்ரை கிளீனில போகும், அங்க பாவிக்கிற திரவம் எண்ணெயைத்தான் கரைக்கிறது. ட்ரை கிளீன் குடுத்தும் சரிகை வெளிக்கேல்ல எண்டு ஆக்கள் சண்டை பிடிக்கிறது கறுப்பைப் பற்றி. அந்தத் திரவம் கறுப்பைத் தொடாது, கடைக்காரனில பிழை இல்லை.

மாங்காய்ப் பூ ரெண்டும் கறுத்த காரணம் விளங்குது. மடிப்பின்ர முதுகு அது. எடுத்து வைக்கேக்க அந்த இடம்தான் உரசும், தங்கம் முதல் அங்கதான் தேயும், பிறகு வெள்ளி நேர காத்தில நிக்கும். அதில கறுப்பை எடுத்தாலும் கீழ தங்கம் இல்லை. வெளிறின வெள்ளி தெரியும், கொஞ்ச நாளில திரும்பக் கறுக்கும். அதை விடுங்கோ. கட்டேக்க ரெண்டு பூவைக் கையில தூக்கிப் பாக்க ஆரும் வாறேல்ல.

இப்ப கோடு. உங்கட படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன். வெளி மடிப்பில கடுமை, உள்ள போகப்போகக் குறைவு. சாப்பாட்டுக் கறையோ வேர்வையோ எண்டா இப்படி ஒழுங்கா வராது, திட்டுத்திட்டா வரும். இது பிறவுண் பேப்பரில இருந்து இறங்கினது. மலிவான பேப்பர் பழசாக அசிட் விடும், அதுதான் தொட்ட இடத்தை மண்ணிறமாக்கும். உள்ளுக்கை இருக்கிற மெல்லிய மஞ்சள் வேற. அது பட்டே வயசாகி மஞ்சளானது, கொஞ்சம் பிளாஸ்டிக் பையாலயும் இருக்கலாம்.

தண்ணி தொட முதல் ஒண்டு பாக்க வேணும். மடிப்பை வெளிச்சத்துக்கு நேர பிடியுங்கோ. கோட்டில ஊசித்துளை மாதிரி வெளிச்சம் வந்தா, இல்லாட்டி நூல் குறுக்க வெடிச்சிருந்தா, அந்தச் சேலையை நனைக்கவே கூடாது. நனைஞ்ச பட்டுக்குப் பலம் குறைவு, தன்ர பாரத்திலயே கோட்டில பிரிஞ்சுபோம்.

இரசாயனத் தம்பி

மணி அக்கா, நான் இப்ப வளாகத்தில இரசாயனவியல் படிக்கிறன். பட்டு மஞ்சளுக்கு ஐதரசன் பரவொட்சைட்டு நல்லம் எண்டு படிச்சிருக்கிறம். வெளிற்றுத்தூள் கூடாது, அது பட்டையே கரைக்கும். ஆனா பரவொட்சைட்டு ஐதாக்கிப் போட்டா பட்டு தாங்கும். உடலில மட்டும் போட்டா என்ன?

நிலாவெளி மணி

வெறும் பட்டுக்கு நீங்கள் சொல்லுறது சரி தம்பி. நூல் வெளுக்கிற இடத்தில அதுதான் போடுறவை, ஆனா அது சரிகை கோக்க முதல். வெள்ளியும் செம்பும் பட்டால் அது என்ன செய்யுமெண்டு உங்களுக்குத்தான் என்னை விடத் தெரியும்.

இரசாயனத் தம்பி

ஓ, ஊக்கி. உலோகம் பட்ட இடத்தில ஒரேயடியாப் பிரிஞ்சு ஒட்சிசன் வரும், அந்த இடத்து நூல் உக்கும். உடலில சின்னப் புட்டாச் சரிகை இருந்தாலே ஆபத்து. விட்டுடுவம்.

உவர்மலை வாணி

உடல் முழுக்கப் புட்டா இருக்கு தம்பி, நல்ல காலம் கேட்டது.

வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன். ஒரு இடத்திலயும் துளை இல்லை. தலைப்பின்ர கடைசி மடிப்பு மட்டும் கொஞ்சம் மெல்லிசாத் தெரியுது, வெடிப்பு இல்லை. கோட்டில மட்டும் ஈரத்துணியால துடைச்சுப் பாக்கட்டோ?

நிலாவெளி மணி

ஐயோ வேண்டாம். கோட்டில மட்டும் துடைச்சா மண்ணிறம் தண்ணியோட ஓடி, ஈரம் முடியிற இடத்தில போய் நிண்டு காயும். ஒரு கோட்டுக்குப் பதிலா ரெண்டு கோடு வரும், புதுசு வளைஞ்சு வளைஞ்சு வேற. பட்டை நனைக்கிறதெண்டா முழுசா நனைக்க வேணும், இல்லாட்டி நனைக்கவே கூடாது.

அம்மா பிளவுஸ் துண்டை வெட்டினவவோ?

உவர்மலை வாணி

வெட்டேல்ல. அண்டைக்குக் கட்டினது வேற அரக்குச் சட்டையாம். துண்டு சேலையோடயே இருக்கு. அது வெளிப்பக்கம் மடிஞ்சிருந்ததால அதிலயும் ஒரு மண்ணிறக் கோடு ஓடுது.

நிலாவெளி மணி

அப்ப அதிஸ்டம்தான். அதே துணி, அதே கரை, அதே கோடு. பரீட்சை எல்லாம் அதில வைக்கலாம்.

முதல் சாயம். அரக்குக் கரையில ஒரு சொட்டு வெறும் பச்சைத்தண்ணி விட்டு, வெள்ளைத் துண்டை வைச்சு அழுத்தி, பத்து நிமிசம் ஒரு புத்தகத்தைப் பாரமா வையுங்கோ. பக்கத்தில இன்னொரு இடத்தில மெல்லிய சவர்க்காரத் தண்ணியால அதே மாதிரி. ரெண்டு துண்டிலயும் சிவப்பு வருதோ பாருங்கோ. சந்தன உடலில அரக்கு இறங்கினா மஞ்சள் கோட்டை விட அதுதான் பெரிய அழிவு.

பிறகு மண்ணிறக் கோட்டில ஒரு சொட்டுத் தண்ணி விட்டு ஒத்துங்கோ. துண்டில மண்ணிறம் ஏறினா கோடு கரையிற சாதி. ஏறாட்டி கழுவிப் பிரயோசனம் இல்லை.

கிணத்துத் தண்ணி வேண்டாம், எங்கட கிணறுகளில சுண்ணாம்பும் உவரும். மழைத்தண்ணி பிடிச்சு வைச்சிருந்தா நல்லம். இல்லாட்டிப் பற்றரிக்கு விடுற காய்ச்சி வடிச்ச தண்ணி வாங்குங்கோ. பற்றரி அசிட் இல்லை, தண்ணி. போத்தலை வாசிச்சு வாங்குங்கோ.

கடலோரம்

அப்ப என்ர வினாகிரி? அதில பட்டு மினுங்கினது பொய்யோ?

நிலாவெளி மணி

பொய் இல்லை அண்ணை. சவர்க்காரத்தில துவைச்ச பட்டுக்குக் கடைசி அலசலில கொஞ்சம் வினாகிரி விட்டா காரம் போய் மினுக்கம் திரும்பும். சரிகை இல்லாத பட்டுக்கு நானும் விடுறனான். பிளாஸ்டிக் பையால வந்த மஞ்சளும் புளிப்புத் தண்ணியில கொஞ்சம் குறையும், அதையும் கண்டிருக்கிறன். ஆனா சரிகைச் சேலையில, அதுவும் தங்கம் தேய்ஞ்சு போன இடத்தில, புளிப்பு உள்ள நிண்டா நல்லதுக்கில்லை. இந்தச் சேலைக்கு வேண்டாம்.

திருமலை வாசகி

வினாகிரி விடயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. என் கூறையை அப்படித்தான் அலசினேன், சரிகை இன்றும் நன்றாக இருக்கிறது. ஆனால் அது அரக்கு, இது சந்தனம். வாணி மணியின் சொல்லைக் கேட்கட்டும்.

உவர்மலை வாணி

செய்து பாத்தன். வெறும் தண்ணி வைச்ச துண்டு வெள்ளையாவே இருந்தது. சவர்க்காரத் தண்ணி வைச்ச துண்டு றோஸ் நிறம். அப்ப சவர்க்காரம் இல்லை எண்டு முடிவு.

கோட்டில வைச்ச துண்டில மெல்லிய தேத்தண்ணி நிறம் ஏறினது.

பிறகு பிளவுஸ் துண்டை மட்டும் பெரிய தட்டில விரிச்சு, அது முழுக்கத் தாழுற அளவுக்குத் தண்ணி விட்டு, அசைக்காமல் கால்மணித்தியாலம் வைச்சன். அது சேலையோடயே இருக்கிறதால, நனைஞ்சது தலைப்புக்குள்ள ஏறாமல் இருக்க இடையில காய்ஞ்ச துவாய் சுருட்டி வைச்சன். தண்ணி மஞ்சளாகினது. புதுத் தண்ணி மாத்தி மாத்தி விட்டன், நிறம் வராமல் நிக்கும் வரைக்கும். பிழியேல்ல. துவாய்க்கு நடுவில வைச்சு ஈரம் எடுத்து, அறைக்குள்ள பாயில விரிச்சுக் காய விட்டன்.

மண்ணிறக் கோடு இப்ப தெரியாத மாதிரி. தேடிப் பாத்தால் தெரியும். ஆனா உள்மடிப்பு மெல்லிய மஞ்சள் அப்படியே நிக்குது, ஒரு மாற்றமும் இல்லை. துவாய் இருந்த இடத்தில ஒரு மெல்லிய தண்ணிக்கோடும் வந்திருக்கு.

நிலாவெளி மணி

தண்ணிக்கோடு முழுச் சேலையும் நனையேக்க போயிடும், யோசிக்காதேங்கோ. அரைகுறை ஈரத்தால வந்தது.

மெல்லிய மஞ்சள் போகாது. அது கறை இல்லை, பட்டின்ர வயசு. வெயிலில போட்டால் வெளுக்கும் எண்டு ஆரும் சொல்லுவினம், கேட்காதேங்கோ, வெயில் பட்டை இன்னும் மஞ்சளாக்கி நொறுங்க வைக்கும்.

முழுச் சேலையையும் நனைக்கிறதெண்டா உதவிக்கு ஒராள் வேணும். அகலப் பேசின் இல்லாட்டிக் குளியலறைத் தரையைக் கழுவி வெள்ளைத் துணி விரிச்சு, அதுக்கு மேல சேலையை நீள மடிப்பா வளைச்சு வளைச்சு வையுங்கோ. அரக்குக் கரை உடலில படாமல் ஒரு பக்கமா வரவேணும். எடுக்கேக்க சேலையைப் பிடிச்சுத் தூக்காதேங்கோ, கீழ உள்ள துணியோட சேர்த்துத் தூக்குங்கோ. காயவிடேக்கையும் விரிச்சபடி, கொடியில இல்லை. வாடைக்காத்துக் காலத்தில காய நாள் எடுக்கும், அந்த ஈரத்தில அரக்கு ஊறி இறங்கும். இப்ப கச்சான் அடிக்குது, வீட்டுக்குள்ளயே அரை நாளில காயும். செய்யிறதெண்டா இந்த மாதம் செய்யுங்கோ.

கோடு முழுக்கப் போக முதல் அயன் வைக்க வேண்டாம், சூட்டில நிண்டுடும். காய்ஞ்ச பிறகு பின்பக்கத்தால, மேல துணி போட்டு, இளஞ்சூட்டில.

பத்தர்வீட்டுப் பிள்ளை

தலைப்புக் கடைசி மடிப்பு மெல்லிசெண்டு சொன்னாவே. அதோட நனைக்கலாமோ?

நிலாவெளி மணி

அதுதான் எனக்கும் பயம் தம்பி. வெடிப்பு இல்லை எண்டு படத்தில தெரியுது, கையில பிடிச்சுப் பாக்காமல் உறுதி சொல்லமாட்டன். வாணி, சனிக்கிழமை பத்திரகாளி கோயிலுக்கு வாறன். சேலையைத் துணியில சுத்திக் கொண்டுவந்தா வெளி வீதியில நிழலில வைச்சுப் பாத்துச் சொல்லுறன்.

உவர்மலை வாணி

கட்டாயம் கொண்டுவாறன் அக்கா. அம்மா சொல்லுறா, நனைக்கேலாட்டில் மண்ணிறக் கோடு ரெண்டும் கொய்யகத்துக்குள்ள போற மாதிரி உடுத்திவிடுறாவாம். நேற்று ஒரு தரம் சும்மா சுத்திப் பாத்தம், ஒண்டு உள்ளுக்கை போயிட்டுது, மற்றது இடுப்புக்குப் பின்னால வருது.

கடலோரம்

பின்னால வந்தால் என்ன, எல்லாரும் மாப்பிள்ளை பொம்பிளையைத்தானே பாக்கப்போகினம்.

திருமலை வாசகி

வாணி, நனைத்தாலும் நனைக்காவிட்டாலும் அந்தப் பிறவுண் பேப்பரை இன்றே எறிந்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையையும்தான். என்னிடம் கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டிகள் இருக்கின்றன, சனிக்கிழமை நானும் கோயிலுக்கு வருகிறேன், ஒன்று கொண்டுவந்து தருகிறேன்.